‘கண்டறியும்’ அல்ல, ‘அனுமானிக்கும்’: அமைவுக் குறிப்பில் ஒரு சொல்

உரைக் கோப்புகளைத் திறந்து படிக்கும் நிரல்களின் அமைவுக் குறிப்புகளில் இப்படியொரு வரி வருவதுண்டு: “கோப்பின் எழுத்துக் குறியாக்கம் தரப்படாவிட்டால், உள்ளடக்கத்தைக் கொண்டு நிரல் அதை அனுமானிக்கும்.” நிரல் கோப்பைத் திறந்து முழுவதும் படிக்கத்தான் போகிறது. அப்படியிருக்க, ‘கண்டறியும்’ என்று எழுதியிருக்கக் கூடாதா? இந்த ஐயம் எழும் மாணவர்களுக்காக, அதையொட்டி வரும் கேள்விகளும் விடைகளும் இங்கே வரிசையாகத் தரப்படுகின்றன.

எழுத்துக் குறியாக்கம் என்பது என்ன? அதைத் தேட வேண்டிய தேவை எப்படி வருகிறது?

கணினிக் கோப்பில் எழுத்துகள் இருப்பதில்லை, பைட்டுகள்தான் இருக்கின்றன. ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் அட்டவணைதான் எழுத்துக் குறியாக்கம். கோப்பை எழுதியவர் பயன்படுத்திய அட்டவணையையே படிப்பவரும் பயன்படுத்தினால் எழுத்துகள் சரியாக வரும். வேறு அட்டவணையை எடுத்தால் அதே எண்கள் வேறு எழுத்துகளாகத் தெரியும்.

இந்தச் சிக்கலைத் தமிழ் நன்றாகவே அனுபவித்திருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்கெனப் பல அட்டவணைகள் இருந்தன. இணையத்தில் டிஸ்கி என்ற அட்டவணை பரவலாக வழங்கியது. தமிழ்நாடு அரசு 1999இல் டாப், டாம் என்ற இரண்டைத் தரப்படுத்தியது. அவை போக, எழுத்துரு தயாரித்த நிறுவனங்கள் தத்தமக்கென வைத்துக்கொண்ட அட்டவணைகளும் இருந்தன. ஒரே எண் டிஸ்கியில் ஓர் எழுத்தையும், டாப் அட்டவணையில் இன்னொன்றையும், மேலை ஐரோப்பிய மொழிகளுக்கான அட்டவணையில் மூன்றாவது ஒன்றையும் குறிக்கலாம். இன்று பெரும்பாலான கோப்புகள் யூனிகோடில், அதிலும் யுடிஎஃப்-8 என்ற வடிவத்தில் எழுதப்படுகின்றன. ஆனால் பழைய கோப்புகள் அழிந்துவிடவில்லை. சாதாரண உரைக் கோப்பில் தன்னை எந்த அட்டவணையால் படிக்க வேண்டும் என்று சொல்லும் இடமும் கிடையாது. அதனால்தான் படிக்கும் நிரல் அதைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

யுடிஎஃப்-8 கோப்பில் ‘தமிழ்’ என்ற சொல் எப்படி இருக்கும்?

யூனிகோடு கணக்கில் இந்தச் சொல்லில் ஐந்து குறிகள் உள்ளன: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யுடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஆகவே கோப்பில் இருப்பவை 15 பைட்டுகள். பதினாறுநிலை எண்களில் எழுதினால் அவை இப்படி இருக்கும்:

```
E0 AE A4   த
E0 AE AE   ம
E0 AE BF   ி
E0 AF B4   ✗  →  E0 AE B4   ழ
E0 AF 8D   ்
```

நான்காம் வரியில் தவறும் திருத்தமும் அருகருகே தரப்பட்டுள்ளன. தமிழ்க் குறிகளில் முதல் பகுதிக்கு `E0 AE`, பின்பகுதிக்கு `E0 AF` என்ற தொடக்கம் வரும். ழகரம் முதல் பகுதியில் இருக்கிறது. புள்ளி பின்பகுதியில் இருக்கிறது. நடுவில் ஒரு பைட் மாறி `E0 AF B4` என்றாகியிருந்தால், அது ழகரமாக இராமல் தமிழ்த் தொகுதியிலேயே உள்ள வேறொரு குறியாகிவிடும்.

அப்படியானால் ‘கண்டறிதல்’ என்ற சொல் எப்போது பொருந்தும்?

அட்டவணையின் பெயரைச் சொல்வதற்கென்றே வைக்கப்பட்ட அடையாளம் ஒன்று கோப்பில் இருந்து, நிரல் அதைப் பார்த்தால், அது கண்டறிதல். அத்தகைய அடையாளங்கள் உண்டு. யுடிஎஃப்-8 கோப்பின் தொடக்கத்தில் `EF BB BF` என்ற மூன்று பைட்டுகளை வைக்கலாம். யுடிஎஃப்-16 கோப்பின் தொடக்கத்தில் `FF FE` அல்லது `FE FF` என்று இரண்டு பைட்டுகள் வரும். இவை உரையின் பகுதி அல்ல. கோப்பை எழுதிய நிரல், படிக்கப் போகும் நிரலுக்கு விட்டுச் செல்லும் குறி.

இணையப் பக்கங்களில் இதே வேலையைச் செய்ய `<meta charset="utf-8">` என்ற வரி இருக்கிறது. பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அது முழுமையாக வந்துவிட வேண்டும் என்பது விதி. உலாவி பக்கத்தின் தலைப்பகுதியைத் துழாவி அந்த வரியைக் கண்டுகொண்டால், அதற்கு மேல் யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இங்கேயும் நூற்றுக்கு நூறு உறுதி என்று சொல்லிவிட முடியாது. `EF BB BF` என்ற பைட்டுகளை மேலை ஐரோப்பிய அட்டவணையில் படித்தால் `ï»¿` என்ற மூன்று எழுத்துகள் கிடைக்கும். ஒருவர் வேண்டுமென்றே அப்படித் தொடங்கி எழுதியிருக்கலாம். ஆனால் எந்த மொழியிலும் எவரும் அப்படி ஓர் உரையைத் தொடங்குவதில்லை. அதனால் அந்த அடையாளத்தைக் கண்டால் ‘கண்டறிந்தது’ என்று சொல்வதில் யாருக்கும் தயக்கம் இல்லை.

அடையாளம் இல்லாத கோப்பில் நிரல் என்ன செய்கிறது?

பெரும்பாலான உரைக் கோப்புகளில் அடையாளம் இருப்பதில்லை. அப்போது நிரல் கேள்வியை மாற்றிக்கொள்கிறது. எந்த அட்டவணையில் எழுதினார்கள் என்பதற்கு நேரடி விடை கோப்பில் இல்லை. எந்த அட்டவணையில் எழுதியிருந்தால் இப்படிப்பட்ட பைட்டுகள் வந்திருக்கக்கூடும் என்று மட்டுமே பார்க்க முடியும். விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் இந்த வழிக்குத்தான் அனுமானம் என்று பெயர்.

யுடிஎஃப்-8ஐப் பொறுத்தவரை இந்த அனுமானம் வலுவானது. கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் வகுத்த அந்த வடிவத்துக்குக் கண்டிப்பான இலக்கணம் இருக்கிறது. மூன்று பைட் குறி ஒன்றின் முதல் பைட் `E0` முதல் `EF` வரைக்குள் இருக்க வேண்டும். அதை அடுத்து வரும் இரண்டும் `80` முதல் `BF` வரைக்குள் இருக்க வேண்டும். மேலே காட்டிய 15 பைட்டுகளில் இந்த ஒழுங்கு ஐந்து முறை பிசகாமல் வருகிறது. வேறு அட்டவணையில் எழுதிய உரையில் இப்படி ஒருமுறை தற்செயலாக அமையலாம். ஐந்து முறை அடுத்தடுத்து அமைவது அரிது. ஒரு பத்தி முழுவதும் பிசகாமல் அமைந்துவிட்டால், அது யுடிஎஃப்-8 இல்லை என்று நினைக்க வழியே இல்லாத நிலை வந்துவிடும்.

அந்த உறுதியை அளந்து சொல்ல முடியுமா?

முடியும். பைத்தான் மொழியில் இதற்கெனப் பலரும் பயன்படுத்தும் `chardet` என்ற நிரல்தொகுப்பு, விடையோடு நம்பிக்கை அளவையும் தருகிறது. அதன் 3 முதல் 5 வரையிலான பதிப்புகளில் யுடிஎஃப்-8க்கான கணக்கு எளிமையானது. ஐயம் 0.99 என்று தொடங்குகிறது. இலக்கணத்துக்குப் பொருந்தும் பல பைட் குறி ஒவ்வொன்றைக் காணும்போதும் ஐயம் பாதியாகக் குறைகிறது. ஒரே ஒரு தமிழ்க் குறி இருந்தால் நம்பிக்கை 0.505; கிட்டத்தட்ட நாணயத்தைச் சுண்டுவதற்குச் சமம். இரண்டுக்கு 0.7525, மூன்றுக்கு 0.87625. ‘தமிழ்’ என்ற சொல்லின் ஐந்து குறிகளுக்கு 0.969. ஆறும் அதற்கு மேலும் இருந்தால் 0.99 என்று நின்றுவிடும். ஆயிரம் பக்க நூலைக் கொடுத்தாலும் அதைத் தாண்டாது.

அதே சொல்லின் முன்னால் `EF BB BF` என்ற அடையாளத்தை வைத்துக் கொடுத்தால் விடை மாறுகிறது:

```
{'encoding': 'UTF-8-SIG', 'confidence': 1.0, 'language': ''}
```

0.99க்கும் 1.0க்கும் இடையிலான அந்தச் சிறு இடைவெளியில்தான் குறிப்பை எழுதியவரின் சொல்தேர்வு அடங்கியிருக்கிறது. ஒன்றில் நிரல் அடையாளத்தைப் பார்த்துச் சொல்கிறது. மற்றதில் பொருத்தத்தைப் பார்த்துச் சொல்கிறது. இத்தனைக்கும் இரண்டு விடையையும் தரும் கட்டளையின் பெயர் `detect` தான். கட்டளைக்கு எந்தப் பெயரும் வைக்கலாம். ஆனால் பயனர் நம்பிச் செயல்படப் போகும் குறிப்பில், நடப்பது எதுவோ அதைத்தான் எழுத வேண்டும்.

எந்தக் கோப்புகளில் இந்த அனுமானம் தடுமாறும்?

ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று அமைந்த பழைய அட்டவணைகளில் தடுமாறும். அவற்றுக்கு யுடிஎஃப்-8இல் உள்ளது போன்ற இலக்கணம் இல்லை. ஏறக்குறைய எந்தப் பைட்டும் எந்தப் பைட்டை அடுத்தும் வரலாம். ஆகவே ‘பொருந்தவில்லை’ என்று சொல்லி ஓர் அட்டவணையை ஒதுக்குவது கடினம்.

டிஸ்கியா டாப்பா என்று அறிய வேண்டுமானால், இரண்டு அட்டவணைகளாலும் படித்துப் பார்த்து, எதில் தமிழ் போலத் தெரிகிறது என்று எடைபோட வேண்டும். தமிழில் சொல்லின் முதலில் துணைக்கால் வராது. இந்த அட்டவணைகளில் கொம்பு, கண்ணால் பார்க்கும் வரிசையில் மெய்க்கு முன்னால் எழுதப்படும். அதை அடுத்து உயிரெழுத்து வராது. இப்படிப்பட்ட ‘வரவே வராத’ கூட்டுகள் எதில் அதிகம் தென்படுகின்றனவோ அதைத் தள்ளிவிடலாம். நான்கு பக்கக் கட்டுரைக்கு இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். மூன்றெழுத்துப் பெயர் மட்டும் உள்ள கோப்புக்கு இரண்டு அட்டவணையும் பொருந்திவிடலாம். அங்கே விடை சொல்லும் நிரல் சான்று இல்லாமல்தான் சொல்கிறது.

இன்னொரு வரம்பும் உண்டு. தனக்குத் தெரிந்த அட்டவணைகளில் ஒன்றைத்தான் நிரல் விடையாகச் சொல்ல முடியும். மேலே சொன்ன `chardet` பதிப்புகளின் பட்டியலில் டிஸ்கி இல்லை. டிஸ்கிக் கோப்பைக் கொடுத்தால் தன் பட்டியலிலிருந்து வேறு ஏதாவது ஒன்றைத்தான் அது எடுத்து நீட்டும். மேலை ஐரோப்பிய அட்டவணைக்கு எந்தக் கோப்பும் பொருந்திவிடும் என்பது தெரிந்தே, அதற்கான நம்பிக்கை 0.73ஐத் தாண்டாதபடி அதை உருவாக்கியவர்கள் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

கோப்பு முழுவதையும் பார்த்தால் தவறு வராதல்லவா?

குறையும். ஆனால் பல நிரல்கள் நேரத்தை மிச்சப்படுத்தக் கோப்பின் தொடக்கத்தை மட்டும் பார்க்கின்றன. ஒரு நூலகத்தின் நூற்பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில நூல்கள் முதலிலும் தமிழ் நூல்கள் இறுதியிலும் இருக்கின்றன. நிரல் பார்த்த தொடக்கப் பகுதியில் 127ஐத் தாண்டிய பைட் ஒன்றுகூட இல்லை. ‘ஆஸ்கி, நம்பிக்கை 1.0’ என்று அது சொல்லிவிடும். பார்த்த பகுதிக்கு அந்த விடை சரியே. பிறகு முதல் தமிழ்த் தலைப்பு வரும் இடத்தில் இப்படியொரு பிழைச்செய்தியோடு வேலை நின்றுபோகும்:

```
UnicodeDecodeError: 'ascii' codec can't decode byte 0xe0 in position 51200: ordinal not in range(128)
```

செய்தியில் உள்ள `0xe0` என்பதைக் கண்டதுமே தமிழ்ப் பயனர் விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் அந்தப் பைட்டோடுதான் தொடங்குகிறது.

பெயர்பெற்ற தவறு ஏதாவது நடந்திருக்கிறதா?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நோட்பேடில் ஒரு வேடிக்கை நடந்தது. புதிய கோப்பில் `this app can break` என்று மட்டும் தட்டச்சு செய்து சேமித்து, மூடிவிட்டு மறுபடி திறந்தால், ஆங்கிலம் மறைந்து ஒன்பது சீன எழுத்துகள் வந்து நிற்கும். கணினியில் பேய் புகுந்துவிட்டது என்கிற அளவுக்குப் பேசப்பட்ட இதற்குக் காரணம் ஒரு தவறான அனுமானம்தான்.

அந்த வரியில் இடைவெளிகளையும் சேர்த்து 18 பைட்டுகள் உள்ளன. தொடக்கத்தில் அடையாளம் எதுவும் இல்லாததால், இது யுடிஎஃப்-16 ஆக இருக்குமா என்று விண்டோஸின் `IsTextUnicode` என்ற செயற்கூறு புள்ளியியல் முறையில் சோதித்தது. பைட்டுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. அவற்றின் பரவலும் சோதனைக்கு ஒத்துப்போயிற்று. எனவே ‘ஆம்’ என்று விடை வந்தது. யுடிஎஃப்-16இல் இரண்டு பைட்டுகள் சேர்ந்து ஓர் எழுத்து. முதல் இரண்டு எழுத்துகளான `t`, `h` ஆகியவற்றின் பைட்டுகள் `74 68`. சிறிய பைட் முதலில் வரும் முறையில் அவை சேர்ந்து 6874 என்ற எண்ணாகின்றன. யூனிகோடில் அந்த இடத்தில் இருப்பது ஒரு சீன எழுத்து. இப்படியே 18 பைட்டுகளும் ஒன்பது எழுத்துகளாயின. விண்டோஸ் விஸ்டாவில் இது சரிசெய்யப்பட்டது. கோப்பு ஒருபோதும் கெடவில்லை. படித்த அட்டவணைதான் தவறு.

தமிழ்க் கோப்பைத் தவறான அட்டவணையில் படித்துவிட்டதை எப்படி அறிவது?

திரையில் `à®` என்ற இணை திரும்பத் திரும்ப வந்தால், யுடிஎஃப்-8 தமிழை மேலை ஐரோப்பிய அட்டவணையான விண்டோஸ்-1252 கொண்டு படித்திருக்கிறார்கள் என்று பொருள். `E0` என்பது அங்கே `à`. `AE` என்பது `®`. ‘தமிழ்’ என்ற சொல் `à®¤à®®à®¿à®´à¯` என்று தெரியும்.

இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முதல் நான்கு குறிகளும் மும்மூன்று எழுத்துகளாக வந்திருக்கின்றன. கடைசிப் புள்ளிக்கு மட்டும் இரண்டுதான் தெரிகின்றன. புள்ளியின் மூன்றாவது பைட்டான `8D`க்கு விண்டோஸ்-1252இல் எழுத்தே ஒதுக்கப்படவில்லை. `81`, `8D`, `8F`, `90`, `9D` ஆகிய ஐந்து இடங்கள் அந்த அட்டவணையில் காலியாக உள்ளன. தமிழில் உகரக் குறி `81` என்றும், புள்ளி `8D` என்றும், ஏகாரம் `8F` என்றும், ஐகாரம் `90` என்றும் முடிகின்றன. சில நிரல்கள் இங்கே பிழை காட்டி நின்றுவிடும். சில, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைத்து ஒப்பேற்றும். வேறு சில அந்தப் பைட்டைக் கேள்விக்குறியாக மாற்றிவிடும்.

வெறுமனே தவறாகப் படித்தால் இழப்பில்லை. சரியான அட்டவணையைத் தேர்ந்து மறுபடி திறந்தால் போதும். தவறாகப் படித்ததை அப்படியே சேமித்துவிட்டால்தான் ஆபத்து. `à`, `®`, `¤` என்ற மூன்றும் இப்போது தனித்தனி எழுத்துகளாக யுடிஎஃப்-8இல் எழுதப்பட்டு, மூன்று பைட்டாக இருந்த தகரம் ஆறு பைட்டாகிவிடும். காரணமில்லாமல் கோப்பின் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். செயலைத் தலைகீழாகச் செய்து பெரும்பகுதியை மீட்கலாம். ஆனால் கேள்விக்குறியாக மாறிப்போன பைட்டுகள் திரும்பக் கிடைக்காது. அதனால்தான் இப்படி மீட்ட தமிழ் உரைகளில் புள்ளியும் உகரமும் அங்கங்கே உதிர்ந்து கிடக்கின்றன.

இந்தக் கெட்டுப்போன கோப்பை மறுபடி நிரலிடம் கொடுத்தால், ‘யுடிஎஃப்-8, நம்பிக்கை 0.99’ என்றே சொல்லும். அதுவும் தவறல்ல. பைட்டுகள் அந்த இலக்கணத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கின்றன. எந்த அட்டவணைக்குப் பைட்டுகள் பொருந்துகின்றன என்பதற்கு மேல் அனுமானம் எதையும் சொல்வதில்லை. எழுதியவர் எதை எழுத நினைத்தார் என்பது அதற்கு எட்டாது.

குறிப்பில் அந்தச் சொல்லைப் பார்த்த பயனர் என்ன செய்ய வேண்டும்?

‘கண்டறியும்’ என்று இருந்தால் அதை நிரலின் பொறுப்பு என்று விட்டுவிடலாம். ‘அனுமானிக்கும்’ என்று இருந்தால், அட்டவணை தெரிந்தவர் அதைத் தாமே சொல்லிவிடுவது நல்லது. பைத்தானில் அதற்கு ஒரு சொல் போதும்:

```
open("nool_pattiyal.txt", encoding="utf-8")
```

இப்படிச் சொல்லிவிட்டால் நிரல் அனுமானத்துக்குப் போகாது. சொன்ன அட்டவணை தவறாக இருந்தாலும் நன்மை உண்டு. யுடிஎஃப்-8இன் இலக்கணம் கண்டிப்பானது என்பதால், டிஸ்கிக் கோப்பை அந்தப் பெயரில் திறக்க முயன்றால் பெரும்பாலும் முதல் சில பைட்டுகளிலேயே பிழைச்செய்தி வந்துவிடும். அட்டவணை தெரியாதபோது அனுமானத்தை ஏற்றுக்கொள்ளலாம். அப்போது நம்பிக்கை அளவைப் பார்க்க வேண்டும். கோப்பின் தொடக்கம், நடு, இறுதி என்று மூன்று இடங்களிலாவது கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். அதுவரை மூலக் கோப்பின் மேல் எதையும் சேமிக்கக் கூடாது.